யாரிடம் சொன்னோம் என்பதுதான் மறக்கிறது

கேள்வி: என் பெரியப்பாவுக்கு வயது 74. சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினாலே, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கதையை ஆரம்பித்துவிடுகிறார். "ஏற்கெனவே சொன்னீர்களே" என்றால், "உன்னிடமா? சொல்லவே இல்லையே" என்று அடித்துச் சொல்கிறார். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதையை ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறவருக்கு, போன முறை சொன்னது மட்டும் எப்படி மறக்கும்? நோயின் அறிகுறியாக இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

ஒரு கதையை நினைவில் வைத்திருப்பது ஒரு வேலை. அதை யாருக்குச் சொன்னோம் என்று நினைவில் வைத்திருப்பது முற்றிலும் வேறொரு வேலை. உங்கள் பெரியப்பாவுக்கு முதல் வேலை குறையில்லாமல் நடக்கிறது, தடுமாறுவது இரண்டாவதில். அந்த இரண்டாவது வேலையில் எந்த வயதிலும் மனிதர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை. முதியவர்களின் மறதிக் கோளாறுகளைப் பார்க்கும் வேலையில் இருப்பதால் உங்களுடையதைப் போன்ற கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர், மறதி என்றால் ஒரே பொருள் தேய்ந்துகொண்டு போவது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படி இல்லை என்பதிலிருந்து தொடங்கினால் உங்கள் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் நைஜல் கோபி, காலின் மெக்லியோட் என்ற இரண்டு கனடா நாட்டு உளவியலாளர்கள். 2009இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் கலந்துகொண்டவர்கள் இளம் மாணவர்கள். முதியவர்கள் யாரும் இல்லை. திரையில் பிரபலமான ஒருவரின் முகம் தோன்றும். மாணவர் அந்த முகத்தைப் பார்த்து ஒரு துணுக்குச் செய்தியைச் சொல்ல வேண்டும். அடுத்து இன்னொரு முகம், இன்னொரு செய்தி. மற்றொரு குழுவுக்கு இதே ஏற்பாடு தலைகீழாக: அந்தப் பிரபலங்கள் செய்தியைச் சொல்வதுபோல இருக்கும், மாணவர் கேட்டுக்கொள்வார். பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு தேர்வு. எந்தச் செய்தி எந்த முகத்தோடு சேர்ந்தது? கேட்டுக்கொண்ட குழு ஓரளவு சரியாகச் சொன்னது. சொன்ன குழு கணிசமாகத் தவறவிட்டது. அதாவது, "இதை எனக்கு யார் சொன்னார்கள்" என்பது தங்கும் அளவுக்கு "இதை நான் யாருக்குச் சொன்னேன்" என்பது தங்குவதில்லை.

காரணம் எளிது. பேசும்போது நம் கவனம் பேச்சின்மேல் இருக்கிறது. அடுத்த வாக்கியத்தைத் தேட வேண்டும், சம்பவங்களை வரிசைப்படுத்த வேண்டும், சிரிக்க வேண்டிய இடத்துக்கு முன் நிறுத்த வேண்டும். எதிரில் இருக்கும் முகத்துக்கு மிச்சமாவது கொஞ்சம்தான். கடிதத்தை உருகி உருகி எழுதியவருக்கு, உறைமேல் எந்த முகவரியை எழுதினோம் என்பது மறந்துபோவதைப் போன்றது இது. அதே ஆய்வின் அடுத்த கட்டத்தில், பொதுச் செய்திக்குப் பதிலாகத் தங்களைப் பற்றிய விவரங்களைச் சொல்லும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். யாரிடம் சொன்னோம் என்ற நினைவு இன்னும் மோசமானது. தன்னைப் பற்றிப் பேசும்போது கவனம் முழுக்க உள்ளே திரும்பிவிடுகிறது. உங்கள் பெரியப்பா சொல்வது துணுக்குச் செய்தி இல்லை, தன் கதை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு, 2010இல், கோபி மேலும் இரண்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து இதே சோதனையை இளைஞர்களையும் முதியவர்களையும் வைத்துச் செய்தார். துணுக்குச் செய்திகள் எப்படிப்பட்டவை என்றால், "அமெரிக்க டைம் நாணயத்தின் விளிம்பில் 118 வரிகள் இருக்கின்றன" என்பது போன்றவை. ஓப்ரா வின்ஃப்ரே போன்றவர்களின் படங்களைப் பார்த்து இவற்றைச் சொல்ல வேண்டும். முதியவர்கள் செய்திகளைத் தனியாக நினைவில் வைத்திருந்தார்கள், முகங்களையும் வைத்திருந்தார்கள். இந்தச் செய்தி இந்த முகத்துக்கு என்று இரண்டையும் முடிச்சுப் போடும் இடத்தில்தான் இளைஞர்களைவிட வெகுவாகப் பின்தங்கினார்கள். இன்னொரு விஷயமும் தெரியவந்தது. ஒருவரிடம் உண்மையிலேயே சொல்லிவிட்டு, பிறகு "சொல்லவில்லை" என்று பதில் தந்தபோது, அந்தத் தவறான பதிலில் முதியவர்களுக்கு இளைஞர்களைவிட நம்பிக்கை அதிகமாக இருந்தது.

உங்கள் பெரியப்பா அடித்துச் சொல்வதன் பின்னணி இதுவாக இருக்கலாம். இளைஞருக்கும் மறக்கிறது, ஆனால் வாயைத் திறக்கும் முன் "இவனிடம் சொல்லியிருப்பேனோ" என்று ஒரு சந்தேகம் எட்டிப்பார்க்கிறது. அந்தச் சந்தேகம்தான் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது, அல்லது "இதை உன்னிடம் சொல்லியிருக்கிறேனா?" என்று கேட்க வைக்கிறது. வயதானவருக்கு மறதி கூடுவதோடு இந்தச் சந்தேகமும் குறைந்துவிடுகிறது. எனவே அவர் பொய் சொல்வதாகவோ வீம்பு பிடிப்பதாகவோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றுகிறது. அவரிடம் வாதாடி எந்தப் பயனும் இல்லை.

இதே ஆய்வில் சோதனையைத் திருப்பிப் போட்டு, பிரபலங்கள் சொல்ல முதியவர்கள் கேட்பதாக வைத்தபோது, இரண்டு வயதினருக்கும் இடையே இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. உங்கள் வீட்டிலேயே இதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். தான் சொன்னதை மறந்தவர், "உன் தம்பி வீடு மாறப்போவதாகப் போன முறை நீதானே சொன்னாய், மாறிவிட்டானா?" என்று சரியாகக் கேட்பார். அப்போதுதான் நமக்கு எரிச்சல் வரும்: இதெல்லாம் நினைவிருக்கிறது, அது மட்டும் மறந்துவிட்டதாக்கும் என்று. ஆமாம், அது மட்டும்தான் மறந்துவிட்டது.

ஏன் எல்லோரும் கூடும்போது மட்டும் கதை வருகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதில்தான் விஷயம் இருக்கிறது. என் அத்தை ஒருவர் இளவயதில் தொலைபேசி இணைப்பகத்தில் இரவு நேர ஊழியராக இருந்தவர். அவருடைய கதை இது: ஓர் இரவு ஒருவர் அழுதுகொண்டே ஓர் எண்ணைக் கேட்கிறார். அத்தை பதற்றத்தில் வேறொரு வீட்டுக்கு இணைத்துவிடுகிறார். எடுத்தவர் முன்பின் தெரியாதவர். ஆனாலும் அழுகிறவரைப் போகவிடாமல் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். முடிவு வரி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்: "அரை மணி நேரம், கம்பி சூடாகும் வரை பேசினார்கள்." இந்த இடத்தில் அத்தை ஒரு விநாடி நிறுத்துவார். பின்வரிசையிலிருந்து யாராவது அந்த வரியை முந்திக்கொண்டு சொல்வார்கள். கூடம் முழுக்கச் சிரிக்கும், அத்தையும் சேர்ந்து சிரிப்பார்.

இந்தக் கதை எப்போது தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறேன். பேச்சின் நடுவே யாருடைய கைபேசியாவது ஒலிக்கும். எடுத்தவர் "தவறான எண்" என்று சொல்லி வைத்துவிடுவார். அவ்வளவுதான், அத்தை நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அவர் தன் வீட்டில் தனியாக இருக்கும்போதும் தவறான அழைப்புகள் வருகின்றன. அப்போது கதை வருவதில்லை. கதையை எழுப்ப மணி மட்டும் போதாது. மணியோடு அதே முகங்கள், அதே இரைச்சல், முன்பு சிரித்த அதே ஆட்களும் வேண்டும். ஒன்றை மனத்தில் பதிக்கும்போது சூழ்ந்திருந்தவை திரும்ப வரும்போது அந்த நினைவும் எளிதாக மேலே வருகிறது என்பது நினைவு ஆய்வில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். எண்டல் டல்விங் 1973இல் டொனால்ட் தாம்சனுடன் எழுதிய கட்டுரை இதற்கு அடிப்படை. குடும்பக் கூட்டம் என்பது ஒரே மாதிரியான தூண்டுதல்களைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கொட்டுவது. ஒரே கதை வராமல் வேறென்ன வரும்?

போதாததற்கு, நாமே பயிற்சியும் கொடுக்கிறோம். ஒரு நினைவை ஒருமுறை வெளியே எடுத்தால் அடுத்த முறை எடுப்பது சுலபமாகிறது. எடுத்த கையோடு சிரிப்பும் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். அத்தையிடம் இதைப் போல் நூறு இரவுகள் இருந்திருக்கும். ஆனால் சிரிப்பு வாங்கிய இரவு ஒன்றுதான். அது முன்னால் வந்து நிற்க, மற்றவை பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. "தள்ளப்படுகின்றன" என்பதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஒரு நினைவைப் பயிற்சி செய்யும்போது, அதோடு தொடர்புடைய, பயிற்சி செய்யாத நினைவுகள் எடுக்கக் கடினமாகிவிடுகின்றன என்று மைக்கேல் ஆண்டர்சனும் ராபர்ட், எலிசபெத் பியோர்க் தம்பதியும் 1994இல் காட்டினார்கள்.

அத்தையின் கதைக்குள்ளேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அத்தையின் தங்கை ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னார்: "அந்தக் கதையில் ஆரம்பத்தில் இன்னொருத்தி இருந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். இணைப்பு மாறிப்போனதைக் கண்டுபிடித்ததே அவள்தான். அதைத் துண்டிக்க வேண்டாம், அவர்கள் பேசட்டும் என்றவளும் அவள்தான்." இப்போது அத்தை சொல்லும் கதையில் பக்கத்து நாற்காலியே இல்லை. துண்டிக்காமல் விட்டது அத்தையின் முடிவாகிவிட்டது. இதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. சொல்லச் சொல்லக் கதைக்குத் தேவையற்றவர்கள் கழன்றுவிடுகிறார்கள். கடைசி வரிக்கு உதவுவது மட்டும் நிற்கிறது. ஆங்கில உளவியலாளர் ஃபிரடெரிக் பார்ட்லெட் 1932இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். அவர் தம் சோதனைகளில் கலந்துகொண்டவர்களிடம் பழக்கமில்லாத ஒரு கதையைக் கொடுத்து, இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். கதை சுருங்கியது, அவர்களுக்குப் பழக்கமான வடிவத்துக்கு மாறியது, பிறகு அந்த வடிவத்திலேயே உறைந்துவிட்டது.

இதிலிருந்து உங்கள் கேள்வியின் ஒரு பகுதிக்குப் பதில் கிடைக்கிறது. ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறாரே என்று வியக்கிறீர்கள். அது ஐம்பது வருடத்துக்கு முந்தைய அந்த நாளின் நினைவு என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். பெரும்பாலும் அது போன முறை சொன்ன கதையின் நினைவு. அவர் அந்த நாளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து விவரிக்கவில்லை. தேய்ந்து வழுவழுப்பான ஒரு வாசகத்தை ஒப்பிக்கிறார். ஒப்பிப்பதற்கு நினைவாற்றலின் மிகச் சிறிய பகுதியே போதும். அதனால், வார்த்தை பிசகாமல் சொல்வதை வைத்து நினைவாற்றல் கூர்மையாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. கீழே நோயைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

கூட்டத்தில் கதை பிறப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. பெரும்பாலானவர்கள் அதை யோசிப்பதே இல்லை. அது காது. வயதாகும்போது முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய அது தேவை. அமைதியான அறையில் ஒருவரோடு பேசும்போது உதட்டசைவையும் சூழலையும் வைத்துச் சமாளித்துவிடலாம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் கூடத்தில் முடியாது. பேச்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகிறது, நகைச்சுவை பாதியில் நழுவுகிறது, எல்லோரும் சிரித்தபின் "என்ன சொன்னான்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டு முறை கேட்கலாம், மூன்றாவது முறை கேட்கக் கூச்சமாகிவிடும். அப்போது ஒரு வழிதான் மிச்சம்: தானே பேசத் தொடங்குவது. தான் பேசும்வரை யார் பேச்சையும் பின்தொடர வேண்டியதில்லை, எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள், கதை எங்கே போகும் என்பதும் தெரியும். நன்றாகத் தெரிந்த பழைய கதையைவிடப் பாதுகாப்பான பேச்சு எது? உங்கள் பெரியப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைக்கிறவராக இருந்தால், பேச்சு சம்பந்தமில்லாமல் திடீரென்று கதைக்குத் தாவுகிறது என்றால், முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். கேட்கும் கருவி பொருத்தியபின் கூட்டத்தில் கதைகள் குறைந்து கேள்விகள் கூடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் வேலையில் சேர்ந்த முதல் நாள், ஏன் நாற்பது வயதில் நடந்த ஏதோ ஒன்று இல்லை என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டுப் பட்டியலிட்டால், ஏறக்குறைய பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான காலத்திலிருந்து வருபவை மற்ற காலங்களைவிடத் தூக்கலாக இருக்கின்றன. டேவிட் ரூபினும் சக ஆய்வாளர்களும் 1986இல் இதைத் தொகுத்துக் காட்டினார்கள். முதல் வேலை, முதல் சம்பளம், முதல் பிரிவு எல்லாம் அந்தக் காலத்தில்தான் நடக்கின்றன. "நான் இப்படிப்பட்ட ஆள்" என்று ஒருவர் முடிவுசெய்துகொள்வதும் அப்போதுதான்.

இதுவரை சொன்னது தெரியாமல் சொல்கிறவர்களைப் பற்றி. தெரிந்தே சொல்கிறவர்களும் உண்டு, கணிசமாகவே உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய ஒரு கட்டுரைக்கு முன்பு, முதியவர்கள் பழங்கதை பேசுவதை மூளை தளர்ந்ததன் அடையாளமாகவே மருத்துவர்கள் பார்த்துவந்தார்கள். முடிவு நெருங்குவதை உணர்ந்த ஒருவர் தன் வாழ்க்கையைத் திரும்பப் புரட்டிக் கணக்குப் பார்ப்பது இயல்பானது என்றார் பட்லர். எல்லாக் கதையும் கணக்குப் பார்ப்பது என்று நான் சொல்லமாட்டேன். சில கதைகள் வெறும் பொழுதுபோக்கு. ஆனால் ஒரு கதை எப்போதும் ஒரே வகையான ஆளைப் பார்த்தே சொல்லப்படுகிறதா என்று கவனியுங்கள். வேலை தேடும் பையன் வந்தால் மட்டும் முதல் நாள் கதை வருகிறது என்றால், அது அந்தப் பையனுக்கான அறிவுரை. நேரடியாகச் சொன்னால் கேட்கமாட்டான் என்று கதைக்குள் வைத்துக் கொடுக்கிறார். நீங்கள் முன்பே கேட்டவர் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் உங்களிடம் பேசவே இல்லை. குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகளோ மருமகனோ இருக்கும்போதும் இதே நிலைதான். புதியவர் ஒருவர் இருந்தால் போதும், பழைய கதைக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது.

தெரிந்து சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா என்பதை அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. கதையின் நடுவே அடுத்த வரியை நீங்கள் சொல்லிவிடுங்கள், கிண்டலாக இல்லாமல், ரசித்து. தெரிந்து சொல்கிறவர் முகம் மலரும், உங்களையும் கதைசொல்லியாகச் சேர்த்துக்கொள்வார். தெரியாமல் சொல்கிறவர் ஒரு கணம் திகைப்பார், "உனக்கு எப்படித் தெரியும்?" என்பார். "நீங்கள்தான் சொன்னீர்கள், பெரியப்பா. மறக்கக்கூடிய கதையா?" என்று சொல்லுங்கள். இதே தகவலைக் குற்றச்சாட்டாகச் சொன்னால் அவர் மறுப்பார். பாராட்டாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

மறுபடி கேட்பதைக் குறைக்க ஏதாவது செய்ய முடியுமா? ஓரளவு முடியும். 2009 ஆய்வின் கடைசிக் கட்டத்தில், செய்தியைச் சொல்லும் முன் எதிரில் இருப்பவர்மேல் கவனத்தைத் திருப்பும்படி, அவருடைய பெயரைச் சொல்லிவிட்டுச் செய்தியைச் சொல்ல வைத்தார்கள். யாரிடம் சொன்னோம் என்ற நினைவு மேம்பட்டது. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் கிடைத்த முடிவு இது. 74 வயதுப் பெரியப்பாவிடம் அப்படியே பலிக்கும் என்று உறுதி தர முடியாது. ஆனால் திசை சரியானது. கேட்பவர் சுவரைப் போல உட்கார்ந்திருந்தால் அவர் நினைவில் தங்கமாட்டார். கதைக்குள் நுழைந்து தன்னைக் காட்டிக்கொள்கிறவர் தங்க வாய்ப்பு அதிகம்.

எப்படி நுழைவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். "அந்தக் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்டால் பதிலாக இன்னொரு தேய்ந்த வாசகம்தான் வரும். உறைந்த கதையை உடைப்பதற்கு, அந்தக் கதை எப்போதும் தொடாமல் விடுகிற பக்கத்தைக் கேட்க வேண்டும். அத்தையிடம் ஒருநாள், "அந்த அறையில் உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?" என்று மட்டும் கேட்டேன். தங்கை சொன்னதை நான் வெளியிடவில்லை. அத்தை வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக ஒரு பெயர் வந்தது. அவள் எப்போதும் ஒரு காதில் மட்டும் கருவியை மாட்டிக்கொண்டு மறு காதால் அரட்டையைக் கேட்பாள் என்பது வந்தது. மேற்பார்வையாளர் வரும் காலடியை அவள்தான் முதலில் கண்டுபிடிப்பாள் என்பது வந்தது. நான் ஒருமுறைகூடக் கேட்டிராத விஷயங்கள். நடுவில் பலமுறை நிறுத்தினார், "இல்லை, அது அப்புறம்" என்று திருத்தினார். ஒப்பிக்கும்போது இந்தத் தடுமாற்றங்கள் இருந்ததே இல்லை. உண்மையாக நினைவுகூரும்போது பேச்சு இப்படித்தான் திக்கித் திக்கி வரும். இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்றது யார் என்பது மட்டும் கடைசிவரை வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அடுத்த முறை எல்லோரும் கூடியபோது, வழக்கமான கதையை அவர் வழக்கம்போலவே சொன்னார், பக்கத்து நாற்காலி இல்லாமல். ஒரு கேள்வியால் வாசகம் மாறிவிடாது.

பக்கத்தில் யார், கையில் என்ன இருந்தது, வீட்டுக்குத் திரும்பியதும் முதலில் யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்ற வகைக் கேள்விகள் வேலை செய்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்று போதும். பதில் வர நேரமாகும். அந்த அமைதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தின் நடுவே இது நடக்காது. முதலில் சொன்ன காதும் இரைச்சலும் குறுக்கே நிற்கும்.

இனி உங்கள் பயம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருமுறை அதே கதை, இடையில் வாரங்களோ மாதங்களோ இடைவெளி என்றால், அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல மாட்டேன். நான் கேட்கும் முதல் கேள்வி இடைவெளியைப் பற்றியது. ஒரே அமர்வில், சொல்லி முடித்து அரை மணிக்குள், முதல் முறை சொல்வதுபோலவே மறுபடி தொடங்குகிறாரா? அது வேறு விஷயம். அங்கே மறப்பது யாரிடம் சொன்னோம் என்பது மட்டும் இல்லை. சொன்ன நிகழ்வே பதியவில்லை. அதைப்போலவே, பதில் சொன்ன சில நிமிடங்களில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பதும், நேற்று நடந்ததை இன்று இரண்டு முறை புதுச் செய்தியாகச் சொல்வதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. இவற்றோடு, பழகிய வழியில் தடுமாறுவது, மருந்தை எடுத்தோமா என்று தெரியாமல் இரட்டிப்பாக எடுப்பது, வழக்கமாகப் பார்த்துவந்த பணக் கணக்கில் குழம்புவது போன்றவை சேர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த இடத்தில்தான் "பழைய கதையை அவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாரே, அவருக்கு என்ன மறதி?" என்ற வாதம் குடும்பங்களை ஏமாற்றுகிறது. நினைவு சிதையும்போது புதியவை முதலில் போகும், பழையவை கடைசிவரை நிற்கும் என்று பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1881இலேயே எழுதினார். அல்சைமர் நோயில் புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகிறது. பலமுறை சொல்லி உறைந்த பழைய கதை நெடுநாள் தப்பித்து நிற்கிறது. ஆகவே முதல் நாள் கதையை அவர் எப்படிச் சொல்கிறார் என்பதை வைத்து அவருக்கு நோய் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. போன வாரம் யார் வந்தார்கள், வந்தவர் எதற்காக வந்தார் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பரீட்சை வைப்பதுபோல "நான் யார், சொல்லுங்கள்" என்று கூட்டத்தில் கேட்பது கொடுமை. பயனும் இல்லை.

சந்தேகம் வந்தால் நோய் என்று நாமே முடிவுகட்டவும் வேண்டாம். தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 வைட்டமின் பற்றாக்குறை, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சில ஒவ்வாமை மருந்துகள் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். ஆனால் இரண்டு மூன்று நாட்களுக்குள் திடீரென்று குழப்பம் ஏற்பட்டு, காலையில் தெளிவும் மாலையில் பிதற்றலுமாக இருந்தால், அது தொற்று போன்ற உடல்நலக் கோளாறின் விளைவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது.

மருத்துவரைப் பார்க்கப் போனால் "சொன்னதையே சொல்கிறார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எதைத் திரும்பச் சொன்னார் அல்லது கேட்டார், முதல் முறைக்கும் இரண்டாவது முறைக்கும் இடையே எவ்வளவு நேரம், அது பழைய விஷயமா இந்த வாரத்து விஷயமா, ஒரு வருடத்துக்கு முன்பும் இப்படி இருந்தாரா. உடன் வாழ்கிறவர் குறிப்பது நல்லது. விசேஷங்களில் மட்டும் பார்க்கிறவர்களுக்குக் கதை மட்டுமே கண்ணில் படும். அவர் சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் உறையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.